வீடியோவில் டாக்டரைப் பார்க்கும் முன்: பழைய ரிப்போர்ட்களைத் திரட்டுவது முதல் ஆபா கணக்கு வரை

வீடியோ வழியாக டாக்டரைப் பார்க்க முன்பதிவு செய்வது சில நிமிட வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியதுதான் பெரிய வேலை. எதிரில் வரும் டாக்டர் நோயாளியை அதுவரை பார்த்ததே இல்லை. தொட்டுப் பார்க்க முடியாது, ஸ்டெதஸ்கோப் வைக்க முடியாது, கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் அவர் முடிவெடுக்க உதவுவது நாம் சொல்லும் விவரமும் நாம் ஏற்றிய பழைய ரிப்போர்ட்களும்தான். அதனால் இந்தக் கட்டுரையில் ரிப்போர்ட் திரட்டுவதற்கு அதிக இடமும், முன்பதிவுப் பொத்தான்களுக்குக் குறைந்த இடமும் கொடுத்திருக்கிறேன்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். தேனி பக்கம் ஒரு ஊரில் 67 வயது அம்மா. 2014 முதல் சர்க்கரை, 2018 முதல் ரத்த அழுத்தம். இரண்டு கணுக்காலும் மூன்று வாரமாக வீங்கியிருக்கிறது. மகன் சென்னையில் வேலை பார்க்கிறார். வீட்டில் ஒரு மஞ்சள் பை நிறைய ஓபி சீட்டு, லேப் ரிப்போர்ட், ஈசிஜி, ஸ்கேன் படம், மருந்துக்கடை பில். இவர்களுக்காக ஒரு ஆலோசனைக்கு ஏற்பாடு செய்வோம்.

முதலில், இது வீடியோவுக்கு ஏற்ற தொந்தரவுதானா?

நெஞ்சு வலி, திடீர் மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது, வாய் கோணுவது, நிற்காத ரத்தப்போக்கு, மயக்கம். இவற்றுக்கு ஆப்பைத் திறக்கவே கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும். கால் வீக்கத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. ஒரே ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைச் சதையில் வலியும் இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அன்றே நேரில் காட்ட வேண்டும். நம் உதாரணத்தில் இரண்டு காலும் மெல்ல வீங்கியிருக்கிறது, மூச்சு வாங்கவில்லை. வீடியோவில் பேசித் தொடங்கலாம்.

இன்னொரு வரம்பையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவ வழிகாட்டு விதிகள் வெளியாயின. எந்த மருந்தை எந்த விதமான ஆலோசனையில் எழுதலாம் என்று அதில் பட்டியல் இருக்கிறது. பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் போன்றவற்றை எப்படிப் பேசினாலும் எழுதலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நாள்பட்ட நோய்க்கு ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையைத் தொடரச் சொல்லி எழுத, முதல் தடவை பேசும் டாக்டர் என்றால் வீடியோ வேண்டும். அந்த மாத்திரையோடு புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால், அதே நோய்க்காக ஆறு மாதத்துக்குள் அந்த டாக்டரை நேரில் பார்த்திருக்க வேண்டும். அல்பிரஸோலம் போன்ற, போதைப்பொருள் சட்டப் பட்டியலில் வரும் தூக்க மாத்திரைகளை இந்த வழியில் எழுத அனுமதி இல்லை. டாக்டர் மறுத்தால் அக்கறையில்லாமல் சொல்கிறார் என்று வருத்தப்பட வேண்டாம், விதி அப்படி.

பையைக் கொட்டி, எது வேண்டும் என்று பிரிப்பது

எல்லாவற்றையும் படமெடுத்து ஏற்றிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். நாற்பது படங்களை ஏற்றினால் டாக்டர் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது. இப்போதைய தொந்தரவுக்குத் தொடர்புள்ள ஐந்தாறு ஆவணங்கள் போதும். கால் வீக்கம் என்றால் டாக்டரின் மனதில் ஓடுவது சிறுநீரகமா, இதயமா, ஈரலா, மருந்தின் பக்க விளைவா என்பதுதான். ஆகவே தேவைப்படுபவை: கடைசி மூன்று தடவை எடுத்த, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் HbA1c ரிப்போர்ட்கள், எடுத்திருந்தால் இதய ஸ்கேனான எக்கோவின் ரிப்போர்ட், கடைசி ஓபி சீட்டு, மருந்து மாற்றி எழுதப்பட்ட சீட்டு, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி. 2016இல் எடுத்த பல் எக்ஸ்ரேயும் மருந்துக்கடை பில்லும் இதில் சேராது.

ஒரே சோதனை பல தடவை எடுக்கப்பட்டிருந்தால் கடைசியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடாதீர்கள். கிரியாட்டினின் 1.0 என்ற எண் தனியாக நின்றால் அதிகம் சொல்லாது. 0.9, 1.0, 0.9 என்று ஒன்றரை ஆண்டாக அசையாமல் இருந்தால் ஒரு அர்த்தம், 0.9, 1.2, 1.6 என்று ஏறியிருந்தால் முற்றிலும் வேறு அர்த்தம்.

டிஸ்சார்ஜ் சம்மரிக்கு எப்போதும் முதலிடம். என்ன நோய், என்ன செய்தார்கள், என்ன மருந்தோடு அனுப்பினார்கள் என்று ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்காக எழுதிய தாள் அது.

படமெடுப்பது

செல்போன் கேமராவில் நேராகப் படமெடுத்தால் நிழல் விழும், ஓரம் கோணும். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் டிரைவ் ஆப்புக்குள்ளும், ஐபோனில் நோட்ஸ் ஆப்புக்குள்ளும் ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறது. அது தாளின் ஓரத்தைக் கண்டுபிடித்து நேராக்கி, பல பக்கங்களை ஒரே பிடிஎப் கோப்பாக்கித் தரும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம், கருப்பான துணி மேல் தாளை வைத்து எடுங்கள். எடுத்ததும் பெரிதாக்கிப் பாருங்கள். நோயாளி பெயர், தேதி, எண், அலகு, பக்கத்தில் அச்சிட்ட இயல்பு அளவு ஆகிய ஐந்தும் வாசிக்க முடிகிறதா? தேதி வெட்டுப்பட்ட ரிப்போர்ட்டால் பெரிய பயனில்லை. லேப்புக்கு லேப் அலகும் இயல்பு அளவும் மாறுவதால் அந்த வரிசையையும் விட்டுவிடக் கூடாது. மூன்று பக்க ரிப்போர்ட்டில் முதல் பக்கத்தில்தான் பெயர் இருக்கும், எண் இரண்டாம் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒரே கோப்பில் போக வேண்டும்.

ஈசிஜி தாளை முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள். பெரும்பாலும் அது வெப்பத்தில் கறுக்கும் தாள், ஒன்றிரண்டு ஆண்டில் கோடு மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்தால் அந்தச் சூட்டிலேயே முழுத் தாளும் கறுத்துவிடும். கர்ப்ப கால ஸ்கேன் படங்களுக்கும் இதே கதிதான்.

எக்ஸ்ரே பிலிமை வெள்ளைத் திரை காட்டும் கணினி முன் பிடித்துப் படமெடுக்கலாம். ஆனால் அதோடு வந்த எழுத்து ரிப்போர்ட்தான் முக்கியம். சிடி, எம்ஆர்ஐக்கும் அப்படியே. பிலிமை விட்டாலும் ரிப்போர்ட்டை விடாதீர்கள்.

லேப்பிலிருந்து எஸ்எம்எஸ்ஸில் இணைப்பு வந்திருந்தால் அதைத் திறந்து பிடிஎப்பை உடனே இறக்கி வையுங்கள். அந்த இணைப்புகள் கொஞ்ச நாளில் செத்துப்போவது வழக்கம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும், சின்ன எண்கள் கலங்கும். இணைப்பு அடையாளத்தைத் தொட்டு, ஆவணம் என்ற வழியில் அனுப்புங்கள்.

மாத்திரைகளுக்கு வருவோம். அட்டையின் முன்பக்கம் இருக்கும் கம்பெனிப் பெயரை விட, பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும்தான் டாக்டருக்கு வேண்டும். வீட்டில் உண்மையில் சாப்பிடும் எல்லா அட்டைகளையும் வரிசையாக வைத்துப் பின்பக்கத்தை ஒரே படமாக எடுங்கள். சீட்டில் எழுதியதற்கும் அம்மா சாப்பிடுவதற்கும் வித்தியாசம் இருக்கும். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை, சித்த மருந்து, லேகியம் எல்லாமும் அதில் வர வேண்டும். வலி மாத்திரைகள் சிலவற்றால் கால் வீங்கும், ரத்த அழுத்தமும் ஏறும். டாக்டருக்குத் தெரியாமல் போனால் அவர் வேறு பக்கம் தேடிக்கொண்டிருப்பார்.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். அப்போதுதான் போனும் கணினியும் தானாகவே கால வரிசையில் அடுக்கும்.

```
2024-01-18_amma_creatinine_hba1c.pdf
2024-11-09_amma_creatinine_hba1c.pdf
2025-05-27_amma_creatinine_hba1c.pdf
2025-06-02_amma_op_seettu.pdf
```

இரத்தம் எடுத்த தேதியை வைத்துத்தான் பெயர் போட வேண்டும். ஸ்கேன் செய்த தேதியைப் போட்டால் எல்லாம் ஒரே நாளில் வந்து நிற்கும்.

ஒரு பக்கச் சுருக்கம்

இத்தனைக்கும் மேலே ஒரு தாள் எழுதுங்கள். டாக்டர் முதலில் திறக்க வேண்டியது இதைத்தான். நம் உதாரணத்தில் அது இப்படி இருக்கும்:

பெண், 67 வயது. இப்போதைய தொந்தரவு: இரண்டு கணுக்காலிலும் வீக்கம், ஜூன் 20 வாக்கில் ஆரம்பம், மாலையில் அதிகம், காலையில் குறைவு. மூச்சு வாங்கவில்லை, படுத்துத் தூங்க முடிகிறது. சர்க்கரை 2014 முதல், ரத்த அழுத்தம் 2018 முதல். மருந்து: மெட்பார்மின் 500 மி.கி. காலை, இரவு, அம்லோடிபின் காலை. அம்லோடிபின் 2018 முதல் 5 மி.கி., 2025 ஜூன் 2 முதல் 10 மி.கி. கிரியாட்டினின்: 0.9 (ஜன. 2024), 1.0 (நவ. 2024), 0.9 (மே 2025). HbA1c: 7.4, 7.2, 7.6. எக்கோ 2023இல் இயல்பு. மருந்து ஒவ்வாமை: சல்பா, உடம்பில் தடிப்பு. கேட்க வேண்டியது: வீக்கம் எதனால், என்ன சோதனை வேண்டும், நேரில் காட்ட வேண்டுமா?

இதை எழுதும்போதே ஒன்று கண்ணில் படும். ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினின் அளவு கூடியது ஜூன் 2, வீக்கம் தொடங்கியது ஜூன் 20. அம்லோடிபினுக்குக் கணுக்கால் வீக்கம் நன்கு அறியப்பட்ட பக்க விளைவு, அளவு கூடக் கூட அதற்கான வாய்ப்பும் கூடும். கிரியாட்டினின் அசையாமல் இருப்பதால் சிறுநீரகம் காரணமாக இருக்கும் சந்தேகம் கொஞ்சம் குறைகிறது. மஞ்சள் பைக்குள் கலந்து கிடந்தவரை இந்த இரண்டு தேதிகளும் யாருக்கும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்திருக்காது. ஆனால் இதைப் பார்த்துவிட்டு நாமே மாத்திரையை நிறுத்தக் கூடாது. ரத்த அழுத்தம் எகிறிவிடும். முடிவை டாக்டரிடம் விடுங்கள்.

மருந்தின் தொடக்கத் தேதியும் மாற்றிய தேதியும்தான் இந்தத் தாளின் உயிர். பெரும்பாலோர் மருந்துப் பெயரை எழுதுவார்கள், தேதியை விட்டுவிடுவார்கள்.

முன்பதிவு

அரசின் இலவசச் சேவை இ-சஞ்சீவனி. மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் மொகாலி மையம் உருவாக்கியது. நோயாளி வீட்டிலிருந்தே பேசும் பிரிவு 2020 ஏப்ரலில், ஊரடங்கு நாட்களில் தொடங்கியது. முகவரி `esanjeevani.mohfw.gov.in`, ஆண்ட்ராய்டு ஆப்பும் இருக்கிறது. வரிசை இதுதான்: செல்போன் எண்ணைப் போட்டு ஓடிபி வழியாக நுழைவது, நோயாளி விவரமும் தொந்தரவும் நிரப்புவது, ரிப்போர்ட்களை ஏற்றுவது, டோக்கன் பெறுவது, வரிசையில் காத்திருப்பது, டாக்டர் திரையில் வந்ததும் பேசுவது, முடிந்ததும் மின் மருந்துச் சீட்டை இறக்கிக்கொள்வது. தனியார் ஆஸ்பத்திரி ஆப்களிலும் இதே வரிசைதான். அங்கே டாக்டரையும் நேரத்தையும் நாம் தேர்ந்தெடுக்கலாம், கட்டணம் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

தனியார் டாக்டரிடம் போவதென்றால் ஆஸ்பத்திரியின் சொந்த ஆப் அல்லது தளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். கூகுளில் தேடி வரும் எண்ணுக்குக் கூப்பிட்டு, "பதிவுக்குப் பத்து ரூபாய் அனுப்புங்க, இந்த ஆப்பை இறக்குங்க" என்று யாராவது சொன்னால் அது வங்கிக் கணக்கைக் காலி செய்யும் வலை. பணம் போய்விட்டால் உடனே 1930க்குக் கூப்பிட வேண்டும்.

இப்போது நம் உதாரணத்தின் சிக்கல்: அம்மா தேனியில், மகன் சென்னையில். மகன் தன் எண்ணில் பதிவு செய்தால் டாக்டர் வருவது மகனின் திரையில். வீங்கிய காலோ தேனியில் இருக்கும். அதனால் அம்மாவின் பக்கத்தில் இருக்கும் போனிலேயே பதிவு செய்ய வேண்டும். மகன் செய்ய வேண்டியது கோப்புகளையும் சுருக்கத் தாளையும் முதல் நாளே அந்தப் போனுக்கு ஆவணமாக அனுப்பி, அதில் சேமித்தாயிற்றா என்று பார்ப்பது. அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ போனைப் பிடித்தால் போதும். விதிகளின்படியும் நோயாளி உடன் இருப்பதே முறை. இல்லாமல் பேச வேண்டுமானால் அவர் கொடுத்த ஒப்புதல் கடிதம் அல்லது உறவைக் காட்டும் ஆவணம் வேண்டும். குழந்தைக்கு என்றால் பெரியவர் ஒருவர் கூடவே இருந்தாக வேண்டும்.

பேசும் நாளன்று காலையில் எடை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு எடுத்த ரத்த அழுத்தம் ஆகியவற்றை நேரத்தோடு சுருக்கத் தாளின் அடியில் எழுதுங்கள். வீட்டில் கருவி இல்லையென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளந்துகொள்ளலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கு வந்து அளந்த எண்கள் இருந்தாலும் தேதியோடு சேர்க்கலாம்.

அம்மா ஜன்னலைப் பார்த்து உட்காரட்டும், வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் திரையில் இருட்டுதான் தெரியும். பேசும்போது டாக்டர் கணுக்காலில் கட்டை விரலை சில நொடி அழுத்தி எடுக்கச் சொல்லலாம், குழி விழுகிறதா என்று பார்ப்பதற்காக. மாத்திரை அட்டைகள் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். படம் உறைந்தால் வீடியோவை நிறுத்திக் குரலில் தொடரச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் முதல் தடவைச் சீட்டுக்கு வீடியோ தேவை என்பதால் இணைப்பு நன்றாக இருக்கும் இடத்தை முன்பே சோதித்துவிடுவது நல்லது.

நம் உதாரணத்தில் டாக்டர் சொல்லக்கூடியது இதுதான்: மாத்திரையின் விளைவாக இருக்க வாய்ப்பு அதிகம், சிறுநீரில் ஆல்புமின் பாருங்கள், இரண்டு மூன்று நாளில் வழக்கமான டாக்டரிடம் நேரில் போய் மாத்திரையை மாற்றுவது பற்றிக் கேளுங்கள், அதுவரை நிறுத்த வேண்டாம், மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீடியோ ஆலோசனையின் நியாயமான விளைவு இது. நேரில் போகச் சொல்லிவிட்டாரே என்று நினைக்க வேண்டாம். எந்தச் சோதனையோடு, எந்தக் கேள்வியோடு போக வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது.

சீட்டு வந்ததும் அதை மூடும் முன் டாக்டரின் பெயர், பதிவு எண், கையெழுத்து, நோயாளியின் பெயர், வயது ஆகியவற்றைப் பாருங்கள். பதிவு எண் இல்லாத சீட்டை மருந்துக்கடையில் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்தில் டாக்டரின் பதிவைத் தேடிப் பார்க்கலாம்.

ஆபா கணக்கும், பெயரில் வரும் சிக்கலும்

ஆவணங்களை நிரந்தரமாக வைக்க அரசு தரும் வழி ஆபா. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் கீழ் வரும் 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண் அது. அந்த இயக்கம் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கியது. `abha.abdm.gov.in` தளத்திலோ ஆபா ஆப்பிலோ ஆதார் வைத்து உருவாக்கலாம். ஆதாரில் பதிவான போன் எண் கையில் இருக்க வேண்டும், ஓடிபி அங்கேதான் வரும். எண்ணோடு `peyar@abdm` போன்ற ஒரு முகவரியும் கிடைக்கும். இதற்குக் கட்டணம் இல்லை, கட்டாயமும் இல்லை.

ஆபா கணக்கு தொடங்கினால் பழைய ரிப்போர்ட்கள் எல்லாம் தானாக வந்துவிடும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். அப்படி வராது. ஆவணம் அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும், ஆபா அவற்றை இணைத்துக் காட்டும் வழி மட்டுமே. இந்த அமைப்பில் சேராத லேப்பில் எடுத்ததும் மஞ்சள் பையில் இருக்கும் தாளும் அதில் தோன்றாது. அவற்றை நாம் ஸ்கேன் செய்து, பதிவேற்றும் வசதியுள்ள ஆவண ஆப்பிலோ டிஜிலாக்கரிலோ ஏற்ற வேண்டும்.

சேர்ந்த ஆஸ்பத்திரியின் ஆவணமும் சில சமயம் இணையாது. அமைப்பு பெயர், பிறந்த ஆண்டு, பாலினம், போன் எண் ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறது. நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் இங்கே வேலை வைக்கும். ஆதாரில் `Meenakshi R`, ஆஸ்பத்திரியில் `R Meenatchi`, லேப்பில் வெறும் `Meena`. வயதை உத்தேசமாகச் சொன்னதால் பிறந்த ஆண்டு வேறு. போன் எண் பழையது. ஆஸ்பத்திரியின் பதிவு மேசையில் ஆதாரைக் காட்டி, அதில் உள்ள எழுத்துப்படியே பெயர், பிறந்த ஆண்டு, போன் எண்ணைத் திருத்தச் சொல்லுங்கள். அடுத்த தடவையிலிருந்து பதிவு மேசையில் கியூஆர் குறி வைத்திருந்தால் ஆபா ஆப்பில் அதை ஸ்கேன் செய்து பதியுங்கள், ஊழியர் தட்டச்சு செய்வதில் வரும் பிழை இல்லாமல் போகும்.

ஒரே போனில் அப்பா, அம்மா, பிள்ளை என்று மூன்று பேரின் ஆவணம் இருந்தால் ஏற்றும் முன் யாருடைய பக்கம் திறந்திருக்கிறது என்று பாருங்கள். அப்பாவின் கிரியாட்டினின் அம்மாவின் பக்கத்தில் ஏறினால் பின்னால் வரும் டாக்டர் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்வார். சில ஆப்கள் ரிப்போர்ட்டைத் தானாக வாசித்து எண்களை வரைபடமாக்கும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் 1.0 என்பது 10 ஆக விழுவதும், அச்சிட்ட தேதியைச் சோதனைத் தேதியாக எடுத்துக்கொள்வதும் நடக்கும். ஏற்றிய அன்றே தாளோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

ஃபோல்டர்கள் நிறைய வேண்டாம். ஆளுக்கு ஒன்று, அதற்குள் சீட்டு, லேப், ஸ்கேன், டிஸ்சார்ஜ் என்று நான்கு. இன்சூரன்ஸுக்கான பில்கள் தனியாக. ஆப் மூடப்பட்டாலும் போன் தொலைந்தாலும் கையில் இருக்க, இதன் நகல் ஒன்று கணினியிலோ பென் டிரைவிலோ இருக்கட்டும். புதிய ரிப்போர்ட் வரும் அன்றே சுருக்கத் தாளில் ஒரு வரி சேர்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் மறுபடி பையைக் கொட்ட வேண்டியதில்லை.

டாக்டரோ ஆஸ்பத்திரியோ உங்கள் ஆவணத்தைப் பார்க்க விரும்பினால் ஆபா ஆப்பில் ஒப்புதல் கேட்டு வரும். யார் கேட்கிறார்கள், எந்த வகை ஆவணம், எந்தக் காலத்தது, எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கும். அப்படியே சம்மதம் என்று அழுத்தாமல், வேண்டிய காலத்தையும் வகையையும் மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடலாம். கால் வீக்கத்துக்குப் பார்க்கும் டாக்டருக்குப் பத்து வருடத்துக்கு முந்தைய மகப்பேறு ஆவணம் தேவையில்லை. சிகிச்சை முடிந்ததும் அதே இடத்தில் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். அதற்குள் அச்செடுத்த தாள் திரும்பி வராது என்பதால், கொடுக்கும்போதே அளந்து கொடுப்பது நல்லது.